பிரியாணிக் கடையில் பச்சைக்கறியையும் மற்றதையும் பிரித்து வைப்பது எப்படி?

கேள்வி: "சின்ன பிரியாணிக் கடை வைத்திருக்கிறேன். சமையலறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஒரு சிங்க், ஒரு ஃப்ரிட்ஜ், மாஸ்டரோடு சேர்த்து நாலு பேர். சிக்கன் பிரியாணி, மட்டன் பிரியாணி, சிக்கன் 65, தயிர்ப்பச்சடி, அவித்த முட்டை, அவ்வளவுதான். ஆய்வுக்கு வந்தவர் சொன்னார் என்று ஆறு கலரில் கட்டிங் போர்டு வாங்கிப் போட்டேன். ரெண்டு வாரத்தில் எல்லாம் கலந்துவிட்டது, கைக்கு எது கிடைக்கிறதோ அதில் வெட்டுகிறார்கள். ஆறும் நிஜமாகவே வேண்டுமா? இவ்வளவு சின்ன இடத்தில் பச்சைக்கறியையும் மற்றதையும் எப்படித்தான் பிரித்து வைப்பது?"

மூன்று பலகை போதும். ஆனால் பலகையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். முதலில் உங்கள் மெனுவை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நேராக இதைக் கேளுங்கள்: நம் கை பட்ட பிறகு இது மறுபடி அடுப்புக்குப் போகிறதா, நேரே இலைக்குப் போகிறதா?

பிரியாணிக்குப் போகும் வெங்காயத்தைக் கறி வெட்டிய பலகையிலேயே நறுக்கினாலும் அது அண்டாவில் வெந்துவிடும். தயிர்ப்பச்சடிக்கு நறுக்கும் வெங்காயம் வேகப்போவதில்லை. கோழியோடு வரும் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் என்ற கிருமிகள் அண்டாவுக்குள் செத்துவிடும், பச்சடியில் சாகாது. தயிரின் புளிப்பு பார்த்துக்கொள்ளும் என்று சிலர் நினைக்கிறார்கள். அதை நம்ப முடியாது. கேம்பிலோபாக்டர் பச்சடியில் பெருக வேண்டிய அவசியம்கூட இல்லை. சில நூறு கிருமிகள் உள்ளே போனாலே ஒருவரைப் படுக்க வைக்கப் போதும். பலகையில் ஒட்டியிருக்கும் ஒரு துளி கறிநீரே அதற்கு அதிகம்.

உங்கள் கடையில் நேரே இலைக்குப் போகிறவை எவை என்று பார்த்தால்: பச்சடி, 65 மேல் போடும் பச்சை வெங்காயம், எலுமிச்சைத் துண்டு, பிரியாணி மேல் கடைசியில் தூவும் மல்லி, உரித்த முட்டை, பொரித்து எடுத்த 65, தட்டில் போடும் பிரியாணி. ஏழுதான். பலகை, கை கழுவுவது, ஃப்ரிட்ஜ் எல்லாமே இந்த ஏழையும் பச்சைக்கறியிடமிருந்து காப்பாற்றத்தான். இது மாஸ்டருக்குப் புரிந்துவிட்டால் கலர் தானாக நிற்கும். புரியாவிட்டால் பன்னிரண்டு கலர் வாங்கினாலும் நிற்காது.

ஆறு கலர் அட்டவணை பிரிட்டனிலிருந்து வந்தது. அங்கே சிவப்பு வேகாத இறைச்சிக்கு, நீலம் வேகாத மீனுக்கு, மஞ்சள் சமைத்த இறைச்சிக்கு, பச்சை சாலட்டுக்கும் பழத்துக்கும், பழுப்பு மண்ணோடு வரும் காய்கறிக்கு, வெள்ளை பால், ரொட்டி வகைக்கு. மீனும் கேக்கும் சாலட்டும் ஒரே இடத்தில் செய்யும் பெரிய ஓட்டலுக்கு அது பொருந்தும். உங்கள் கடையில் மீனும் இல்லை, கேக்கும் இல்லை. பாதிப் பலகைக்கு வேலையே இல்லாதபோது அது வேறு வேலைக்குப் போகும், அங்கேதான் குழப்பம் ஆரம்பம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் நாட்டில் பாக்கெட் மேல் பச்சைக் குறி சைவம், பழுப்புக் குறி அசைவம். உங்கள் ஆட்கள் சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களிடம் பழுப்புப் பலகையைக் கொடுத்து இது காய்கறிக்கு என்று சொன்னால், அவசரத்தில் கை பழைய பழக்கத்துக்குத்தான் போகும். மஞ்சளிலும் இதே ஆபத்து. பிரிட்டன் முறையில் அது வெந்த இறைச்சிக்கு. அமெரிக்க முறையில் வரும் அட்டவணைகளில் அதே மஞ்சள் வேகாத கோழிக்கு. ஒரு கடையில் மஞ்சளுக்கு ஓர் அர்த்தம் கற்றுக்கொண்டு வந்த ஆள், உங்கள் கடையில் வேறு அர்த்தத்தில் வேலை செய்வார். அதனால் பழுப்பு, மஞ்சள் இரண்டையும் எடுத்துவிடுங்கள். சிவப்பு, வேகாத கறிக்கு, கோழியானாலும் ஆடானாலும். பச்சை, காய்கறிக்கும் மல்லி புதினா எலுமிச்சைக்கும். வெள்ளை, வெந்ததை வெட்ட, அதாவது முட்டை, வெந்த கறி. மூன்றோடு நிறுத்துங்கள். மிச்ச மூன்றையும் கடையை விட்டே வெளியே கொண்டுபோய்விடுங்கள். கண்ணில் பட்டால் யாராவது எடுப்பார்கள்.

பலகைக்கு மட்டும் கலர் கொடுத்தால் போதாது. சிவப்புப் பலகையில் கறி வெட்டிய கத்தியைத் துண்டில் துடைத்துவிட்டு அதே கத்தியால் பச்சைப் பலகையில் மல்லி நறுக்கினால் கலருக்கு அர்த்தமில்லை. கத்திப் பிடியும் அதே கலரில் கிடைக்கிறது, கிடைக்காவிட்டால் பிடியில் கலர் டேப் சுற்றுங்கள். டேப் நனைந்து பிய்ந்து உணவில் விழும், அதனால் வாரம் ஒரு முறை மாற்ற வேண்டும். அதைவிட நல்லது, சிவப்புப் பலகை, அதன் கத்தி, கறி ஊறப்போடும் பேசின் மூன்றையும் அறையின் ஒரே மூலையில் வைத்து, அந்த மூலையை விட்டு அவை நகரவே கூடாது என்று வைத்துவிடுவது. சின்ன சமையலறையில் கலரைவிட இடம்தான் நன்றாக ஞாபகம் நிற்கும்.

இடம் இல்லாதபோது உதவுவது நேரம். உங்களுக்கு நான் முதலில் மாற்றச் சொல்வது இதைத்தான், ஒரு பைசா செலவும் இல்லை. இப்போது பெரும்பாலும் காலையில் கறி வந்ததும் எல்லாரும் அதில் இறங்குவார்கள், பச்சடி வெங்காயம் பதினொரு மணிக்கு, சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது, அவசரமாக நறுக்கப்படும். அதைத் தலைகீழாக்குங்கள். கடை திறந்ததும் மேஜை சுத்தமாக இருக்கும்போதே பச்சடி வெங்காயம், 65 வெங்காயம், மல்லி எல்லாவற்றையும் நறுக்கி, மூடி போட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜ் மேல் தட்டில் வைத்துவிடுங்கள். எலுமிச்சையையும் அப்போதே வெட்டிவிடலாம். அதற்குப் பிறகு அதே மேஜையில் பிரியாணி வெங்காயம், தக்காளி. எல்லாம் முடிந்து பச்சைப் பலகை கழுவி மாட்டப்பட்ட பிறகுதான் கறி மேஜைக்கு வர வேண்டும். கறிக்கடைக்காரர் ஆறு மணிக்கே கறி கொண்டுவந்தால் அது நேரே ஐஸ் பெட்டிக்குப் போகட்டும், மேஜைக்கு வரவேண்டாம். தயிரை மட்டும் பரிமாறுவதற்குச் சற்று முன்னால், கை கழுவிவிட்டு, சுத்தமான கரண்டியால் கலந்துகொள்ளலாம்.

கறியை வெட்டி வாங்குங்கள். ஆட்டெலும்பை மரக்கட்டையில் போட்டு நீங்களே கொத்த வேண்டாம். அந்தக் கட்டையை ஒழுங்காகக் கழுவிக் காயவைக்கச் சின்னக் கடையில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை. கறிக்கடையிலேயே துண்டு போட்டுத் தரச் சொன்னால் உங்கள் சிவப்புப் பலகைக்கே பாதி வேலை குறையும்.

கறி கழுவுவதைப் பற்றிச் சொன்னால் மாஸ்டர் சண்டைக்கு வருவார், இருந்தாலும் சொல்ல வேண்டும். ஓடும் குழாயின் கீழ் கோழியைக் கழுவும்போது தெறிக்கும் தண்ணீர் கை நீட்டும் தூரம் வரை போகிறது. சிங்க் ஓரத்தில் கவிழ்த்து வைத்த தட்டு, டம்ளர், பச்சைப் பலகை எல்லாவற்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாமல் படிகிறது. கழுவுவதால் கிருமி போய்விடுவதில்லை, வேகவைப்பதுதான் அதைக் கொல்கிறது. அதனால்தான் பல நாடுகளின் உணவுப் பாதுகாப்புத் துறைகள் கோழியைக் கழுவவே வேண்டாம் என்கின்றன. நம் ஊரில் மஞ்சள் போட்டு அலசாமல் கறி அடுப்பேறாது, அதுவும் எனக்குத் தெரியும். அப்படியென்றால் ஒரு வழி: ஆழமான அண்டாவில் முதலில் தண்ணீரைப் பிடித்து, குழாயை மூடிவிட்டு, கறியை அதில் அமுக்கி அலசி, தண்ணீரைச் சிங்க்கில் தாழ்வாக, மெதுவாகச் சாய்க்க வேண்டும். அந்த நேரத்தில் சிங்க்கிலோ பக்கத்திலோ வேறு பாத்திரம் ஒன்றும் இருக்கக் கூடாது. முடிந்ததும் சிங்க்கும் குழாய்த் திருகும் சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகுதான் அடுத்த வேலை.

இனி 65 அடுப்பு. உங்கள் கடையிலேயே ஆபத்தான இரண்டடி இடம் அதுதான், ஆனால் அங்கே ஒரு பலகைகூட இருக்காது. மதியம் ஒரு மணிக்கு அந்த அடுப்புக்குப் பக்கத்தில் நின்று மாஸ்டரின் வலது கையை மட்டும் பாருங்கள். பேசினில் ஊறிய கறியைக் கையால் அள்ளுகிறார், எண்ணெயில் ஒவ்வொன்றாக விடுகிறார். அதே கை ஜல்லிக்கரண்டியின் பிடியைப் பிடிக்கிறது. கேஸ் திருகைத் தொடுகிறது. இடுப்புத் துண்டில் ஒரு தடவை துடைத்துக்கொள்கிறது. வெந்த துண்டுகளைத் தட்டில் கொட்டி, உருண்டு விழுந்த ஒன்றை விரலால் உள்ளே தள்ளுகிறது. வெங்காய டப்பாவில் நுழைந்து ஒரு பிடி எடுத்து மேலே தூவுகிறது. எண்ணெய் கொன்ற கிருமியை அந்த ஒரு பிடி வெங்காயம் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறது. டப்பாவில் மிச்சம் இருக்கும் வெங்காயமும் கெட்டது, அன்று மாலை வரை அதிலிருந்துதான் எல்லாத் தட்டுக்கும் போகும்.

இதைக் கை கழுவச் சொல்லித் தீர்க்க முடியாது. ஒரு மணி நேரத்தில் பத்துத் தட்டு போடுகிறவர் பத்து முறை கை கழுவ மாட்டார். வேலையின் அமைப்பை மாற்றுங்கள். பச்சைத் துண்டை எண்ணெயில் விட ஒரு சிவப்புப் பிடி இடுக்கி. வெந்ததை எடுக்க ஜல்லிக்கரண்டி, அது கறிப் பேசின் பக்கம் போகவே கூடாது. ஊறிய கறி அடுப்புக்கு இடது பக்கம், வெந்ததை வடிக்கும் தட்டு வலது பக்கம். வெங்காயமும் எலுமிச்சையும் அடுப்புப் பக்கமே இருக்க வேண்டாம். தட்டு கொண்டுபோகும் பையன், கை கழுவிவிட்டு, இரண்டடி தள்ளி வேறு மேஜையில், ஸ்பூனால் போடட்டும். கறி ஊறின பேசினில் வெந்த கறியைக் கொட்டுவது, ஊறல் மசாலா மிச்சத்தைச் சாஸில் கலப்பது, நேற்றைய ஊறலிலேயே இன்றைய கறியைச் சேர்ப்பது மூன்றும் இன்றே நிற்க வேண்டும்.

இடுப்புத் துண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோளிலோ இடுப்பிலோ கிடக்கும் அந்தத் துண்டில்தான் கறிக் கை துடைக்கப்படுகிறது, கத்தி துடைக்கப்படுகிறது, பிறகு தட்டின் ஓரமும் துடைக்கப்படுகிறது. ஈரமாகவும் சூடாகவும் இருப்பதால் கிருமி அதில் பெருகவும் செய்யும். சூடான அண்டாவைப் பிடிக்கும் பிடிதுணி வேறு, துடைக்கும் துணி வேறு என்று பிரித்துவிடுங்கள். கறிநீர் சிந்தினால் டிஷ்யூ பேப்பரால் துடைத்துக் குப்பையில் போடட்டும். தட்டு ஓரத்துக்கும் பேப்பர்தான். மேஜை துடைக்கும் துணி தினம் கொதிநீரில் போட்டு எடுத்து வெயிலில் உலர வேண்டும். ஒரு பேப்பர் ரோலை ஆணியில் மாட்டி வைத்தால் துண்டு தேவைப்படுவது பாதியாகக் குறைந்துவிடும்.

கை கழுவுவதற்கு வருவோம். கோழியிலிருந்து வருவது பாதிக் கதைதான், மீதி மனிதர்களிடமிருந்து வருகிறது. 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், பதினாறு வயதுப் பெண் ஒருத்தி இறந்துபோனாள். நோயாளிகளிடம் ஷிகெல்லா என்ற கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. ஷிகெல்லா கோழியின் கிருமி இல்லை. அது மனிதக் குடலில் வாழ்வது, மலத்தோடு வெளியேறி, கழுவாத கை வழியாகவும் அசுத்தத் தண்ணீர் வழியாகவும் உணவுக்கு வருவது. வெறும் பத்து முதல் நூறு கிருமிகள் இருந்தாலே நோய் வரலாம். கழிப்பறைக்குப் போய்விட்டு வெறும் தண்ணீரில் கையை நனைத்து வருகிறவர் தட்டு போட்டால், உங்கள் மூன்று கலர் பலகையும் ஒன்றும் செய்ய முடியாது.

அடிக்கடி கை கழுவு என்று சொன்னால் யாரும் கழுவ மாட்டார்கள். எப்போது என்பதை வேலையோடு கட்டிப்போட வேண்டும். சமையலறைக்குள் நுழையும்போது. பச்சைக்கறி, பச்சை முட்டை தொட்ட வேலை முடிந்ததும். கழிப்பறையிலிருந்து வந்ததும். பணம், போன், குப்பை, மூக்கு, தலைமுடி தொட்டதும். அப்புறம், மேலே சொன்ன ஏழு பொருளில் எதைத் தொடுவதற்கு முன்பும். கடைசியாகச் சொன்னதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். கல்லாவில் பணம் வாங்குகிறவர் தட்டு போடக் கூடாது, இதற்கு விதிவிலக்கு வேண்டாம்.

எப்படி என்பதும் முக்கியம். நனைத்து, சோப்பு எடுத்து, இருபது வினாடி தேய்க்க வேண்டும். உள்ளங்கையை எல்லாரும் தேய்ப்பார்கள். விட்டுப்போவது கட்டைவிரல், விரலிடுக்கு, நக நுனி, மணிக்கட்டு. நக நுனியை மற்ற உள்ளங்கையில் வைத்துச் சுரண்ட வேண்டும், மசாலா பிசைந்த கையில் கறிச்சாறு அங்கேதான் உட்கார்ந்திருக்கும். மோதிரமும் கைக்கயிறும் கழற்றப்பட வேண்டும். கோவில் கயிறைக் கழற்ற மாட்டேன் என்றால் அவரைக் கறிப் பிசையவும் தட்டு போடவும் விடாதீர்கள், பிரியாணி தம் போடட்டும். நனைந்து காயாத கயிறு நாள் முழுக்கக் கறிநீரைச் சுமக்கும். தண்ணீர் சுடவேண்டும் என்று கட்டாயம் இல்லை, சோப்பும் தேய்ப்பும்தான் வேலை செய்கின்றன. கடைசியில் பேப்பரால் துடைத்து, அதே பேப்பரால் குழாயை மூட வேண்டும். கறிக் கையால் திறந்த திருகைக் கழுவிய கையால் மூடினால் பழையபடி ஆகிவிடும்.

சானிடைசர் எண்ணெயும் மசாலாவும் அப்பிய கையில் உள்ளே போகாது, சோப்புக்கு அது மாற்று இல்லை. கையுறையைப் பற்றி என் கருத்து: உங்கள் அளவுக் கடையில் அது நன்மையைவிடக் கெடுதல் அதிகம் செய்கிறது. கையுறை போட்டவருக்குத் தன் கை அழுக்கானது உறைக்காது. அதோடு கறி தொட்டு, போன் எடுத்து, முட்டை உரிப்பார். கழுவிய வெறுங்கையும் கரண்டியும் அதைவிட நல்லது. வெட்டுக்காயம் இருந்தால் மட்டும் நீல பிளாஸ்திரி ஒட்டி அதன் மேல் கையுறை. நீலம் ஏனென்றால் உணவில் விழுந்தால் தெரியும்.

உங்களுக்கு ஒரே சிங்க்தான் இருக்கிறது, அதில் எப்போதும் பாத்திரம் கிடக்கும். அங்கே போய்க் கை கழுவு என்றால் நடக்காது. இருபது லிட்டர் கேனில் கீழே லீவர் குழாய் வைத்தது வாங்கி, கறி மூலைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்து, அடியில் ஒரு பக்கெட் வையுங்கள். முழங்கையால் திறக்க முடிகிற குழாயாக இருக்கட்டும். பம்ப் சோப்பும் பேப்பர் ரோலும் பக்கத்திலேயே. அந்தக் கேனில் கைக்கு மட்டும்தான் தண்ணீர். மூன்று எட்டு வைத்தால் எட்டும் என்ற தூரத்தில் இருந்தால் கழுவுவார்கள், அறையைக் கடந்து போக வேண்டியிருந்தால் துண்டில்தான் துடைப்பார்கள்.

ஃப்ரிட்ஜில் விதி எளிது: சொட்டுவது கீழே, சொட்டினால் கெடுவது மேலே. மேல் தட்டில் பச்சடி வெங்காயம், தயிர், உரித்த முட்டை. நடுவில் கழுவிய காய்கறி. அடித்தட்டில் மட்டும் கறி, அதிலும் மட்டன் கோழிக்கு மேலே, கோழி எல்லாவற்றுக்கும் கீழே, விளிம்பு உயர்ந்த டிரேக்குள், மூடியோடு. காய்கறி டிராயர் அடித்தட்டுக்கும் கீழே வருகிற மாடல்தான் வீட்டு ஃப்ரிட்ஜ்களில் அதிகம். அப்படியென்றால் அந்த டிராயரில் காய்கறி வைக்காதீர்கள், கறியையே அதற்குள் வையுங்கள்.

அதைவிட நான் சொல்வது, கறிக்கு ஃப்ரிட்ஜே வேண்டாம். தினம் வாங்கித் தினம் தீர்க்கிற கடை உங்களுடையது. தடித்த ஐஸ் பெட்டி ஒன்று வாங்கி, அடியில் ஐஸ், அதன் மேல் மூடிய பேசின்களில் கறி, மேலேயும் ஐஸ் என்று வைத்தால் மதியம் வரை ஐந்து டிகிரிக்குள் நிற்கும். ஒரு தெர்மாமீட்டரை உள்ளே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியில் உருகும் தண்ணீரைக் கறிநீர் என்றே நினைக்க வேண்டும். அதில் கூல்டிரிங்ஸ் பாட்டிலைச் சொருகக் கூடாது, அந்த ஐஸ் எந்த டம்ளருக்கும் போகக் கூடாது. ஃப்ரிட்ஜ் முழுக்க வெந்ததற்கும் பச்சடிக்கும் என்று ஆகிவிடும், கறிக் கையோடு அதன் கைப்பிடியை யாரும் தொட வேண்டியிருக்காது.

சில பொருட்களை எவ்வளவு கழுவினாலும் இரண்டு வேலைக்கும் பயன்படுத்தக் கூடாது. 2005-இல் பிரிட்டனின் தெற்கு வேல்ஸில் பள்ளிகளுக்குச் சமைத்த இறைச்சி கொடுத்த ஒரு வியாபாரி, பச்சை இறைச்சியையும் சமைத்ததையும் ஒரே வேக்வம் பேக்கிங் இயந்திரத்தில் போட்டிருக்கிறார். ஈ.கோலி O157 என்ற கிருமி பரவி நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது, ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். உள்ளே கை போகாத இயந்திரத்தைக் கழுவிவிட்டேன் என்று சொல்வதில் பொருளில்லை. உங்கள் கடையில் அப்படிப்பட்டவை மிக்சி ஜாரும் தராசும். கறி மசாலாவை ஊறலோடு சேர்த்து அரைக்கும் ஜாரில் புதினாச் சட்னி அரைக்காதீர்கள். பிளேடுக்கு அடியில் இருக்கும் வாஷரில் என்ன இருக்கிறது என்று கழற்றினால்தான் தெரியும். பச்சைக்கறி வைத்த தராசுத் தட்டில் பார்சல் பிரியாணியை எடை போடாதீர்கள்.

பலகையைச் சுத்தம் செய்வது இரண்டு வேலை. முதலில் சோப்பும் ஸ்கிரப்பரும் போட்டுத் தேய்த்து அலசுவது. அப்புறம் ப்ளீச் கலந்த தண்ணீரில் கிருமி கொல்வது. முதல் வேலையைச் செய்யாமல் இரண்டாவதைச் செய்தால் பயனில்லை, ஏனென்றால் ப்ளீச்சில் இருக்கும் குளோரின் கொழுப்பிலும் ரத்தத்திலும் செலவாகிவிடும். ப்ளீச் பாட்டிலில் சோடியம் ஹைப்போகுளோரைட் நான்கு சதவீதம் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, பத்து லிட்டர் பக்கெட்டுக்கு 50 மில்லி. வாசனை கலக்காத வகையாக வாங்குங்கள். இரண்டு நிமிடம் பலகை முழுக அமிழ்ந்திருக்க வேண்டும், பிறகு துணியால் துடைக்காமல் நிறுத்தி வைத்து உலர விட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நடுவில் ஈரம் நிற்கும். கரைசல் தினமும் புதிது, கலங்கினால் நடுவிலேயே மாற்ற வேண்டும். கூடுதலாக ஊற்றினால் கூடுதலாகச் சுத்தமாகாது, உணவில்தான் வாடை வரும். கழிப்பறை ஆசிட்டோ வினிகரோ இதோடு சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பி மூச்சடைக்கும். பலகையில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவுக்குக் கத்தித் தடம் ஆழமாக இருந்தால் ஸ்கிரப்பர் உள்ளே போகாது, அந்தப் பலகையை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

இவ்வளவும் நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள உங்கள் சமையலறையிலேயே ஒரு வழி இருக்கிறது. ஊறல் மசாலாவில் மஞ்சளும் மிளகாய்த்தூளும் இருப்பதால் அது போகும் இடமெல்லாம் கறை வைக்கும். ஒரு காலையில் எல்லாக் கைப்பிடிகளையும் நன்றாகத் துடைத்துவிடுங்கள். கடை மூடும்போது வெள்ளைப் பேப்பரை நனைத்து ஃப்ரிட்ஜ் கைப்பிடி, குழாய்த் திருகு, உப்பு டப்பா மூடி, ஜல்லிக்கரண்டிப் பிடி, கேஸ் திருகு, லைட் சுவிட்ச், போன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பாருங்கள். பேப்பரில் மஞ்சள் வந்த இடத்துக்குக் கறிக் கை போயிருக்கிறது. திட்டாமல் அந்தப் பேப்பரை மாஸ்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் உப்பு டப்பாவில் வரும். அதற்குத் தீர்வு, ஊறலுக்கு வேண்டிய உப்பு, மசாலா, தயிர் எல்லாவற்றையும் கறியில் கை வைப்பதற்கு முன்பே அளந்து கிண்ணத்தில் எடுத்து வைப்பது. மஞ்சள் வரவில்லை என்றால் கிருமி இல்லை என்று ஆகாது, அதையும் மனதில் வையுங்கள். வந்தால் மட்டும் வழி தெரியும்.

ஆய்வுக்கு வருகிறவர் ஆறு கலர் எங்கே என்று கேட்டால் பயப்பட வேண்டாம். உணவுத் தொழிலுக்கான 2011-இன் உரிமம், பதிவு விதிகளில் அட்டவணை 4 கேட்பது பச்சை உணவும் சமைத்ததும் பிரிந்திருக்க வேண்டும் என்பதை. உங்கள் மூன்று கலருக்கும் என்ன அர்த்தம் என்று படம் வரைந்து சுவரில் ஒட்டி, கறி மூலையையும் ஐஸ் பெட்டியையும் காட்டி, நேரப்படி வேலை நடக்கிறது என்று சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயன்றால் ஆட்கள் திணறுவார்கள். முதல் வாரம் பச்சடியைக் காலையில் முதலில் நறுக்குவதும் கை கழுவும் கேனும். இரண்டாம் வாரம் 65 அடுப்பின் இடுக்கியும் துண்டுக்குப் பதில் பேப்பரும். அப்புறம் ஐஸ் பெட்டி, கடைசியில் பலகை. இன்னொன்றை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தவர், அது நின்று 48 மணி நேரம் ஆகும் வரை சமையலறைக்குள் வரக் கூடாது, அந்த இரண்டு நாளுக்கும் சம்பளம் உண்டு. சம்பளம் பிடித்தால் மறைத்துவிட்டு வேலைக்கு வருவார்கள்.